மூன்று கிரைண்டர், ஓர் அட்டவணை: நடுவில் உள்ளதை எப்படிப் பரிந்துரைப்பது?

வாசகர் கேள்வி

கோவையில் நானும் என் அண்ணனும் மேசைக் கிரைண்டர் செய்து விற்கிறோம். பட்டறை அவர் பொறுப்பு, விற்பனை என் பொறுப்பு. மூன்று மாடல்கள்: சிறியது 4,200 ரூபாய், 8.5 கிலோ எடை, ஒரு தடவைக்கு 600 கிராம் அரிசி. நடுத்தரம் 5,600 ரூபாய், 12 கிலோ, ஒரு தடவைக்கு 1 கிலோ அரிசி. சாய்க்கும் மாடல் 8,900 ரூபாய், 17 கிலோ, அதே 1 கிலோ, தேங்காய்த் துருவியும் மாவு பிசையும் கருவியும் உண்டு. எங்களிடம் வருகிறவர்களில் பலர் நான்கைந்து பேர் கொண்ட குடும்பம். நடு மாடலில்தான் எங்களுக்கு ஆதாயமும் அதிகம், பழுதும் குறைவு. விளம்பர வடிவமைப்பாளர் ஒரு ஒப்பீட்டு அட்டவணை போட்டுத் தந்தார். சிறியதற்கு நிறைய சிவப்புப் பெருக்கல் குறிகள், எடை பற்றிய வரியே இல்லை, மூன்றிலும் ஒரே தர எவர்சில்வர் டிரம்தான், ஆனால் நடு மாடலுக்கு ‘உணவுத் தர ஸ்டீல்’, சிறியதற்கு வெறும் ‘ஸ்டீல்’, நடுவில் ‘5 ஆண்டு வாரண்டி’, ‘அதிகம் விற்பனையாவது’ என்ற முத்திரை, பெரியதற்கு எம்.ஆர்.பி. 12,900 என்று அச்சிட்டு அடித்துவிட்டு 8,900. “எண்கள் எல்லாம் உண்மைதானே, இதில் சட்டச் சிக்கல் ஒன்றும் இல்லை” என்கிறார். அண்ணனோ, ஒன்றை வாங்கச் சொல்லித் தூண்டுவதே தவறு என்கிறார். யார் சொல்வது சரி? துண்டுப் பிரசுரத்திலும் எங்கள் இணையக் கடையிலும் இதை வெளியிடலாமா?

வழக்கறிஞர் பதில்

அன்புள்ள சகோதரி,

இருவர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தவறு. உங்கள் அண்ணன் அஞ்சுவதுபோல், ஒரு மாடலைப் பரிந்துரைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கடைக்கு வந்தவரிடம் “உங்கள் வீட்டில் எத்தனை பேர்?” என்று கேட்டு, “அப்படியானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வது வியாபாரத்தின் இயல்பான பகுதி, அதையே ஓர் அட்டவணை அச்சில் செய்தால் குற்றமாகிவிடாது. ஆனால் எண்கள் உண்மையாக இருந்தால் போதும் என்று உங்கள் வடிவமைப்பாளர் நினைப்பது ஆபத்தானது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(28)இல் தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்று சொல்லும்போது, பொய்யான விவரணையோடு நிற்கவில்லை. பொருளின் தன்மை, அளவு, தரம் ஆகியவை பற்றி நுகர்வோரைத் தவறாக எண்ணவைக்கக்கூடியதையும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேர்த்தே சொல்கிறது. எடை வரியை எடுத்துவிட்ட அட்டவணையில் ஒரு பொய்யான எண்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அது இந்த வரையறைக்குள் வந்துவிடக்கூடும்.

எனவே நான் உங்களுக்குச் சொல்வது இதுதான். வரிசை, இடம், வண்ணம், பரிந்துரை வாசகம் ஆகியவற்றால் நடு மாடலை முன்னிறுத்துங்கள். அந்த முன்னிறுத்தலுக்கு ஒரு மறைப்போ திரிப்போ தேவைப்படுகிறது என்றால், அந்த இடத்தில் நிறுத்துங்கள். உங்கள் அட்டவணையில் தேவைப்படுவது முதல் வகை மட்டுமே என்பதுதான் நல்ல செய்தி.

நடுவில் இருப்பதற்கே ஓர் இழுப்பு உண்டு

மூன்று பொருள்களை விலை வரிசையில் வைத்தால் பலர் நடுவில் இருப்பதை எடுப்பார்கள் என்பது விற்பனையாளர்களின் அனுபவம் மட்டும் அல்ல. ஆய்வாளர்களும் இதைச் சோதித்திருக்கிறார்கள். இதாமர் சைமன்சன், ஆமோஸ் டிவெர்ஸ்கி என்ற இருவர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு இரண்டு மினோல்டா கேமராக்களை மட்டும் காட்டினார்கள்; ஒன்று ஏறத்தாழ 170 டாலர், மற்றது 240 டாலர். தேர்வு பாதிக்குப் பாதி என்று பிரிந்தது. வேறு சிலருக்கு அவற்றோடு 470 டாலர் கேமரா ஒன்றையும் சேர்த்துக் காட்டியபோது, நடுவில் வந்துவிட்ட 240 டாலர் கேமராவை 57 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். மலிவானதை 22 சதவீதம் பேரும், விலை உயர்ந்ததை 21 சதவீதம் பேரும் எடுத்தார்கள். இது பட்டியலைப் பார்த்துச் சொன்ன தேர்வுதான், காசு கொடுத்து வாங்கியது அல்ல; ஆகவே உங்கள் கடையில் அதே எண்கள் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். போகும் திசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முடிவில் உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்த இழுப்புக்கு எந்தப் பொய்யும் தேவைப்படவில்லை. மூன்றாவது கேமரா கடையில் கிடைத்த உண்மையான கேமரா. அதற்கென்று கூடுதல் வசதிகள் இருந்தன. மூன்றையும் நேர்மையாக வரிசைப்படுத்தியதே போதுமானதாக இருந்தது. இரண்டாவது, மலிவானதை எடுத்தவர்களின் பங்கு 50இலிருந்து 22ஆகக் குறைந்தது. அப்படி நகர்ந்தவர்களில் சிலருக்கு மலிவான கேமராவே போதுமானதாக இருந்திருக்கும். உங்கள் அட்டவணை நியாயமானதா என்ற கேள்வி இந்த இடத்தில்தான் எழுகிறது. வீட்டில் இரண்டே பேர் இருக்கும் முதிய தம்பதி உங்கள் பிரசுரத்தைப் பார்த்தால், தங்களுக்குச் சிறிய மாடல் போதும் என்பதை அவர்களால் அதிலிருந்தே கண்டுகொள்ள முடிகிறதா? முடியும் என்றால், நடுவில் உள்ளதை நீங்கள் எவ்வளவு எடுப்பாகக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

எந்த வரிகள் இருக்க வேண்டும்

ஓர் அட்டவணையின் நேர்மை பெரும்பாலும் எழுதிய எண்களில் இருப்பதில்லை. எந்த வரியைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதில் இருக்கிறது. வடிவமைப்பாளர் முதலில் நடு மாடல் வெல்லும் வரிகளைத் தேடிப்பிடித்து, பிறகு மற்றவற்றை நீக்கியிருக்கிறார். நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு மாத காலம், கடையில் கிரைண்டர் வாங்க வருகிறவர்களும் வாங்கிய பின் குறை சொல்ல வருகிறவர்களும் கேட்பதை, அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு அரைக்கும், தூக்கிக் கழுவ முடியுமா, மேடையில் எவ்வளவு இடம் பிடிக்கும், கெட்டுப்போனால் யார் பொறுப்பு, சப்பாத்தி மாவு பிசையுமா என்பவைதான் திரும்பத் திரும்ப வரும் என்று நினைக்கிறேன். அடிக்கடி வரும் கேள்விகளே அட்டவணையின் வரிகள். அவற்றில் நடு மாடல் தோற்கும் வரி வந்தால் அது அப்படியே நிற்க வேண்டும்.

எடை அப்படிப்பட்ட வரி. 8.5 கிலோவுக்கும் 12 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம், இயந்திரத்தை அலமாரியிலிருந்து மேடைக்கு வாரம் இரண்டு முறை தூக்கி வைப்பவருக்குப் பெரியது. முட்டி வலி உள்ள ஒருவர் இதை அறியாமல் நடு மாடலை வாங்கிச் சென்று, பிறகு மாற்றித் தரக் கேட்டால், “எடையைப் பெட்டியில் போட்டிருக்கிறோமே” என்ற பதில் எடுபடாது. அவர் முடிவெடுத்தது அட்டவணையைப் பார்த்து.

மறுபுறம், எல்லாவற்றையும் போட்டு நிரப்புவதும் ஒரு வகை மறைப்புதான். மோட்டாரின் வாட் அளவு என்று ஒரு வரி உங்கள் வடிவமைப்பாளர் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடலாம். 150 வாட் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் செலவாவது 0.075 யூனிட், இரண்டு மாடல்களுக்கு இடையே இதில் வரும் வித்தியாசம் எந்த வீட்டின் மின்கட்டணத்திலும் தெரியாது. வாங்குபவருக்கு அந்த எண்ணைக் கொண்டு எதையும் எடைபோடத் தெரியாது. பெரிய எண் நல்லது என்று மட்டும் எண்ணுவார். அவ்வாறு எண்ணவைப்பதற்காகவே சேர்க்கப்படும் வரி எனக்கு உவப்பில்லாதது.

கொள்ளளவையும் கவனியுங்கள். டிரம்மை விளிம்புவரை நிரப்பி லிட்டர் கணக்கில் சொல்வது வழக்கம். ஆனால் யாரும் விளிம்புவரை அரைப்பதில்லை, உளுந்து பொங்கி வழியும். நீங்கள் அரிசியின் எடையில் சொல்லியிருப்பது மிகவும் நல்லது. அதில் ஒரு தெளிவு மட்டும் சேருங்கள்: அது ஊறவைக்கும் முன் உள்ள எடை, உளுந்தைத் தனியாக அரைக்கும்போது உள்ள அளவு என்பதை வரியிலேயே எழுதுங்கள். நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் 1 கிலோ அரிசிக்கு 250 கிராம் உளுந்து வரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு அரைக்கலாம் என்று ஒருவர் புரிந்துகொண்டால் உங்கள் எண் அவரை ஏமாற்றியதாகிவிடும். பட்டறையில் அண்ணன் மூன்று மாடல்களிலும் ஒரே அரிசியை ஒரே நேரம் ஊறவைத்து அரைத்துப் பார்த்து, தேதி, எடை, ஆன நேரம், அப்போதைய மின்னழுத்தம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கட்டும். 2022ஆம் ஆண்டின் தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகளின்படி, விளம்பரத்தில் சொல்லும் எந்தக் கூற்றுக்கும் கேட்டால் காட்ட ஆதாரம் இருக்க வேண்டும். உங்களைப் போன்ற சிறு நிறுவனத்துக்கு அந்தப் பதிவேடே நல்ல ஆதாரம்.

நான் போடும் அட்டவணை

உங்கள் விவரங்களை வைத்து ஒன்று எழுதிப் பார்த்தேன்.

| | சிறியது | நடுத்தரம் | சாய்க்கும் மாடல் |
|---|---|---|---|
| யாருக்கு ஏற்றது | 2–3 பேர். இடம் குறைவான சமையலறை | 4–5 பேர் | 4–5 பேர். டிரம்மைத் தூக்க இயலாதவர்கள் |
| விலை | 4,200 | 5,600 | 8,900 |
| ஒரு தடவைக்கு அரிசி (ஊறும் முன்; உளுந்து தனி) | 600 கிராம் | 1 கிலோ | 1 கிலோ |
| எடை | 8.5 கிலோ | 12 கிலோ | 17 கிலோ |
| மாவு எடுப்பது | டிரம்மைத் தூக்கி | டிரம்மைத் தூக்கி | சாய்த்து |
| துருவி, மாவு பிசையும் கருவி | இல்லை | இல்லை | உண்டு |
| வாரண்டி: மோட்டாருக்கு மட்டும் | — | 5 ஆண்டு | — |
| வாரண்டி: மற்ற பாகங்கள் | — | — | — |

வாரண்டி விவரங்களை முழுமையாக நீங்கள் எழுதாததால் சில கட்டங்களை விட்டிருக்கிறேன். நடு மாடலின் 5 ஆண்டு மோட்டாருக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். மூன்றுக்கும் பொதுவான எவர்சில்வர் டிரம், ஒரே தரக் கல் போன்றவற்றை அட்டவணைக்கு மேலே ஒரே வாக்கியமாக, ‘மூன்று மாடல்களிலும் ஒரே தர டிரம், ஒரே தரக் கல்’ என்று எழுதிவிடுங்கள். ஒன்றுக்கு ‘உணவுத் தர ஸ்டீல்’, மற்றொன்றுக்கு ‘ஸ்டீல்’ என்று பிரித்து எழுதியது உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் வருத்தம் தந்த பகுதி. இரண்டு சொற்களும் தனித்தனியே உண்மைதான். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், சிறிய மாடலில் அரைத்த மாவு குழந்தைக்கு உகந்ததல்ல என்ற பொய் அங்கே பிறந்துவிடுகிறது. அதைச் சொன்னது யார் என்று நாளை நுகர்வோர் ஆணையம் கேட்டால், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த அட்டவணையில் நடு மாடல் எப்படி முன்னுக்கு வருகிறது என்று பாருங்கள். முதல் வரியே வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறது. உங்களிடம் வருகிறவர்களில் பலர் நான்கைந்து பேர் குடும்பம் என்பதால் அவர்கள் கண் சிறிய மாடலைக் கடந்து நேரே அடுத்த இரண்டுக்கும் போகிறது. அடுத்த வரியில் அவ்விரண்டுக்கும் இடையே 3,300 ரூபாய் வித்தியாசம் தெரிகிறது. பிறகு அந்தக் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது சாய்க்கும் வசதியும் துருவியும் பிசையும் கருவியும்தான், அரைக்கும் அளவு கூடவில்லை என்பது தெரிகிறது. தூக்குவதில் சிரமம் இல்லாதவர் நடுவில் வந்து நிற்பார். யாரும் அவரைத் தள்ளவில்லை. அவரே வந்து சேர்ந்தார். இரண்டு பேர் உள்ள வீட்டுக்காரர் முதல் வரியிலேயே தன் பத்தியைக் கண்டுபிடித்துவிடுவார். தூக்க முடியாதவருக்கும் தன் பத்தி எதுவென்று தெரியும்.

இதற்கு மேல் நடுப் பத்திக்கு மெல்லிய வண்ணம் கொடுக்கலாம். அதன் தலையில் ‘4–5 பேர் வீட்டுக்கு எங்கள் பரிந்துரை’ என்று எழுதலாம். ‘எங்கள் பரிந்துரை’ என்று மட்டும் எழுதுவதைவிட, யாருக்கு என்பதைச் சேர்த்து எழுதுவது சட்டப்படியும் பாதுகாப்பானது, நம்பவும் வைக்கும். விலை வரிக்குக் கீழே ‘சிறியதைவிட 1,400 ரூபாய் கூடுதல், ஒரு தடவைக்கு 400 கிராம் அதிகம் அரைக்கும்’ என்று குறிப்பு போடலாம், அது உண்மை, நடு மாடலுக்குச் சாதகமும்கூட. ஆனால் ‘100 கிராம் அரிசிக்கு ஆகும் விலை’ என்று ஒரு கணக்குப் போட்டு, சிறியது 700 ரூபாய், நடு 560 ரூபாய், பெரியது 890 ரூபாய் என்று காட்ட வேண்டாம். கணக்கு சரிதான், ஆனால் 600 கிராமுக்கு மேல் ஒருபோதும் அரைக்காத வீட்டில் அந்த 560 ரூபாய்க்கு எந்த அர்த்தமும் இல்லை, அவர்களுக்கு அது ஒரு தூண்டில் மட்டுமே.

சிவப்புப் பெருக்கல் குறிகளை எடுத்துவிட்டு ‘இல்லை’ என்று சாதாரண எழுத்தில் போடுங்கள். துருவி நடு மாடலிலும் இல்லை. ஒரே இன்மைக்குச் சிறியதில் சிவப்பும் நடுவில் சாம்பல் கோடும் போட்டால், இணையக் கடையில் அது இன்னொரு விதிக்கும் எதிராகும். 2023 நவம்பர் 30 அன்று வெளியான ஏமாற்று வடிவமைப்புத் தடுப்பு வழிகாட்டு நெறிகள் 13 வகைகளைப் பட்டியலிடுகின்றன. அவற்றில் ஒன்று, சில தகவலைத் தூக்கிக்காட்டி, தொடர்புடைய வேறு தகவலை மங்கச் செய்து பயனரைத் திசைதிருப்பும் திரை வடிவமைப்பு. பெரிய தளங்களுக்கு மட்டும் அல்ல, அந்த நெறிகள் விளம்பரம் செய்பவருக்கும் விற்பவருக்கும் பொருந்தும்.

கைபேசியில் இன்னொரு சங்கடம் உண்டு. மூன்று பத்திகள் சிறிய திரையில் அடங்காமல், நடுப் பத்தி மட்டும் தெரிந்து மற்றவை பக்கவாட்டில் ஒளிந்துகொள்ளும். வடிவமைப்பாளர் இதை அறிந்தே செய்யாவிட்டாலும் விளைவு ஒன்றுதான். கைபேசியில் மூன்றின் பெயரும் விலையுமாவது ஒரே பார்வையில் தெரியும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

‘5 ஆண்டு வாரண்டி’

முன்பு ஒரு வீட்டு உபயோகப் பொருள் உற்பத்தியாளருக்காக நான் வாதாடினேன். விளம்பரத்தில் தமிழில் பெரிய எழுத்தில் 5 ஆண்டு வாரண்டி. அடியில் எறும்பு அளவு ஆங்கிலத்தில், மோட்டாருக்கு மட்டும் என்ற குறிப்பு. வாங்கிய அம்மையாருக்கு மூன்றாம் ஆண்டில் வேறொரு பாகம் உடைந்தது. அவர் விளம்பரத் துண்டைப் பத்திரமாக வைத்திருந்து ஆணையத்தின் முன் நீட்டினார். தலைவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்று மாலையே சமரசம் பேசி முடித்தோம். என் கட்சிக்காரர் கொடுத்தது பாகத்தின் விலையைப்போலப் பல மடங்கு.

2022 நெறிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: நிபந்தனைக் குறிப்பு, முக்கியக் கூற்று எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும், கூற்றுக்கு முரணாகவோ, முக்கியத் தகவலை மறைக்கும் வகையிலோ அது இருக்கக் கூடாது. உங்கள் பிரசுரம் தமிழில் என்றால் குறிப்பும் தமிழில்தான். அதனால்தான் ‘மோட்டாருக்கு மட்டும்’ என்பதை அடிக்குறிப்பாக்காமல் வரியின் பெயராகவே ஆக்கியிருக்கிறேன். பெல்ட், கல், டிரம் ஆகியவற்றுக்கு எவ்வளவு காலம் என்பது அதற்கு அடுத்த வரி. மோட்டாருக்கு 5 ஆண்டு என்பது நடு மாடலின் உண்மையான பலம் என்றால், அருகில் மற்ற பாகங்களுக்கு 1 ஆண்டு என்று எழுதினாலும் அந்தப் பலம் குறைந்துவிடாது.

12,900 ரூபாய்

பெரிய மாடலை நிஜமாகவே 12,900 ரூபாய்க்கு நீங்கள் விற்றதில்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. எம்.ஆர்.பி.க்குக் கீழே விற்பது சட்டவிரோதம் அல்ல. அதனால்தான் பலரும் இதில் தவறு இல்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47), ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பது குறித்து மக்களைத் தவறாக எண்ணவைப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. 12,900 அடிக்கப்பட்டு 8,900 என்று இருக்கும்போது வாங்குபவர் 4,000 ரூபாய் மிச்சம் என்று எண்ணுகிறார். அந்த 4,000 ரூபாய் எங்கும் இருந்ததில்லை.

உங்கள் நோக்கத்துக்கும் இது எதிரானது என்பதை வடிவமைப்பாளர் யோசிக்கவில்லை. 12,900 ரூபாய்ப் பொருள் 8,900க்குக் கிடைக்கிறது என்று நம்புகிறவர், தள்ளுபடி இல்லாத நடு மாடலை விட்டுவிட்டுப் பெரியதன் பக்கம் போவார். நடு மாடலை மலிவாகக் காட்ட 8,900 என்ற உண்மை விலையே போதுமானது.

பெரிய மாடலைக் கையிருப்பில் வைத்திருங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒப்பிட்டுக் காட்டுவதற்காக மட்டுமே மூன்றாவதைப் பட்டியலில் வைத்து, கேட்டால் “அது வர ஒரு மாதம் ஆகும், இதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வது, விற்கும் நியாயமான வாய்ப்பு இல்லாமல் ஒரு பொருளைக் காட்டி ஈர்ப்பதாகிவிடும். தூண்டில் விளம்பரம் பற்றிய நெறி இதைத்தான் தடுக்கிறது. மாதத்துக்கு நான்கு பேர் கேட்பார்கள் என்றால் நான்கைத் தயாராக வையுங்கள். இல்லையென்றால் ‘ஆர்டரின் பேரில், இத்தனை நாளில்’ என்று அட்டவணையிலேயே எழுதுங்கள்.

‘அதிகம் விற்பனையாவது’

இது உண்மையாக இருந்தால் போடலாம். எந்தக் காலத்தில், எந்த மூன்றில் என்பதைச் சேர்க்க வேண்டும்: ‘எங்கள் மூன்று மாடல்களில் கடந்த நிதியாண்டில் அதிகம் விற்றது’. பில் புத்தகத்திலிருந்து எண்ணி ஒரு தாளில் எழுதிவையுங்கள். விற்பனை மாறினால் முத்திரையும் மாற வேண்டும். எண்ணாமல் போட்டால், இல்லாத வரவேற்பை இருப்பதாகக் காட்டுவது என்ற வகையில் அதுவும் 2023 நெறிகளில் வரும்.

தவறினால் என்ன ஆகும்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பிரிவு 21இன் கீழ் விளம்பரத்தை நிறுத்தவோ மாற்றவோ உத்தரவிடலாம். முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். உங்கள் அளவிலான நிறுவனத்துக்கு அதைவிட அருகில் இருப்பது தனி நுகர்வோரின் புகார். 2019 சட்டத்தின்படி வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். இணையத்தில் வாங்கியவர் திருநெல்வேலியில் இருந்தால் நீங்கள் கோவையிலிருந்து அங்கே போய்வர வேண்டும். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவருக்கு அவகாசம் உண்டு. ஆகவே வெளியிட்ட ஒவ்வொரு அட்டவணையின் ஒரு பிரதியையும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அது இருந்தது என்ற குறிப்போடு பாதுகாத்து வையுங்கள்.

வேலை செய்கிறதா, ஏமாற்றுகிறதா என்று அறிவது

நடு மாடலின் விற்பனை கூடியது என்பதை மட்டும் பார்த்தால் தெரியாது. திருட்டு அட்டவணையும் அதைக் கூட்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் பத்துப் பேரிடம் அட்டவணையை ஒரு நிமிடம் காட்டிவிட்டு எடுத்துவிடுங்கள், பிறகு, “சிறிய மாடல் எதில் மேல்?” என்று கேளுங்கள். எடை குறைவு, விலை குறைவு என்று பெரும்பாலோர் சொன்னால் அட்டவணை நேராக இருக்கிறது. ஒன்றிலும் மேல் இல்லை என்று சொன்னால், நீங்கள் சரியான எண்களால் தவறான செய்தியைச் சொல்லியிருக்கிறீர்கள்.

வெளியிட்ட பிறகு, மாற்றித் தரக் கேட்டு வருகிறவர்களின் காரணத்தை மாடல் வாரியாக எழுதுங்கள். “இவ்வளவு பாரம் என்று தெரியாது”, “எங்கள் இரண்டு பேருக்கு இது அதிகம்” என்ற சொற்கள் நடு மாடலின் கணக்கில் ஏறத் தொடங்கினால், எடை வரியையும் முதல் வரியையும் பெரிதாக்குங்கள். அதனால் நடு மாடலின் பங்கு சற்றுக் குறையலாம்; திரும்பி வரும் இயந்திரங்களின் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அது உங்களுக்கு இழப்பாக இருக்காது என்பது என் எண்ணம்.

பெரிய மாடலின் பெட்டிகளில் 12,900 ஏற்கெனவே அச்சாகியிருந்தால் அவற்றை எறிய வேண்டியதில்லை. பொட்டலப் பொருள்களுக்கான சட்ட எடை அளவு விதிகள், விலையைக் குறைத்துக் காட்டும் ஒட்டுச்சீட்டை அனுமதிக்கின்றன. வரிகள் உட்பட என்ற குறிப்போடு 8,900 என்று ஒட்டுங்கள், ஆனால் பழைய எம்.ஆர்.பி.யை அது மூடக் கூடாது. அடுத்த அச்சில் பெட்டியிலேயே சரியான விலையைப் போட்டுவிடலாம். பிரசுரத்திலும் இணையக் கடையிலும் அடித்த விலையை இன்றே நீக்கிவிடுங்கள்.